உபவாசத்தைக் கற்றுக்கொடுப்பது எப்படி? நாபோத்தின் தோட்டத்திலிருந்து தொடங்கும் ஒரு வேதபாடம்

பெரியவர்கள் வேதபாட வகுப்பில் உபவாசம் என்று தலைப்பு வந்தால், மோசே நாற்பது நாள், எஸ்தர் மூன்று நாள், தானியேல் மூன்று வாரம் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, "நாமும் உபவாசிப்போம்" என்று ஜெபித்து முடிப்பதுதான் வழக்கம். பட்டியலில் உள்ளதெல்லாம் சரிதான். ஆனால் அதே வேதத்தில் ஓர் உபவாசம் கொலைக்குத் திரையாக நின்றிருக்கிறது. இன்னொன்று படைவீரர்களை மயங்கி விழும் நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. வேறொன்றைக் கடவுளே "இதுவா நான் கேட்டது?" என்று தள்ளியிருக்கிறார். இவற்றைத் தொடாமல் உபவாசத்தைப் போதித்தால், வகுப்பில் இருப்பவர்கள் ஏற்கெனவே பட்டிருக்கும் காயங்களுக்கு நம்மிடம் பதில் இருக்காது.

ஒரு மணி நேர வகுப்பு இரண்டு இருந்தால் கீழே உள்ள பாடத்தை அவசரமில்லாமல் நடத்தலாம். முதல் மூன்று படிகள் முதல் வாரத்துக்கு, மீதி அடுத்த வாரத்துக்கு.

படி 1: யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

கலப்பான வகுப்பு என்றால் கலப்பு பல வகையில் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு உபவாசம் என்பது தவக்காலத்து ஒருசந்தி: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒரு வேளை முழுச் சாப்பாடு. சி.எஸ்.ஐ.க்காரருக்கு அது லெந்து நாட்களில் வரும் வெள்ளிக்கிழமை ஆராதனை. பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவருக்கு அது காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் தாண்டி முடியும் உபவாச ஜெபக் கூட்டம், அல்லது வருட ஆரம்பத்தில் வரும் 21 நாள். கணவர் வீட்டில் விரதமோ நோன்போ இருப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளின் தாயும் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

அதோடு வகுப்பில் சர்க்கரை நோயாளி இருப்பார், கர்ப்பிணி இருப்பார், அல்சர் இருப்பவர் இருப்பார். அவர்களில் பலர் "என்னால் உபவாசம் இருக்க முடியவில்லையே" என்ற குற்ற உணர்ச்சியோடுதான் வருகிறார்கள். அதனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே, இந்தப் பாடத்தின் முடிவில் யாரும் கை தூக்கிப் பொருத்தனை செய்ய வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள். யார் உபவாசம் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் கேட்காதீர்கள். "உங்கள் வீட்டில் உபவாசம் என்றால் என்ன செய்வார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பழக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள், தங்களை அளந்துகாட்ட வேண்டியிராது.

படி 2: ஒரே அதிகாரத்தில் மூன்று வெறும் வயிறுகள்

1 இராஜாக்கள் 21-ஐ முழுவதும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திருவிவிலியம் வைத்திருப்பவர்களுக்கு அது 1 அரசர்கள் 21. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பெரும்பாலும் பேராசைக்குப் பாடமாகவே கேட்டிருப்பார்கள். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அதிகாரத்தில் சாப்பிடாமல் இருப்பது எத்தனை தடவை வருகிறது?

மூன்று தடவை வருகிறது. உபவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி அந்த மூன்றிலேயே இருக்கிறது.

முதல் தடவை ஆகாப். யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம் இருக்கிறது. ராஜா அதைக் கீரைத்தோட்டமாக்கக் கேட்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் மறுக்கிறான். நிலம் கர்த்தருடையது, நிரந்தரமாக விற்கக் கூடாது என்ற லேவியராகமம் 25-இன் சட்டம் அவன் பக்கம் நிற்கிறது. ஆகாப் வீட்டுக்கு வந்து, கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறான். கேட்டது கிடைக்காததால் வந்த முறுக்கு அது. இங்கே சற்று நின்று, நம் உபவாசங்களில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்று வகுப்பை யோசிக்க விடுங்கள். "நான் சாப்பிடாமல் கிடந்தால் நீர் இறங்கி வருவீர்" என்று கடவுளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இதே கட்டில்தான்.

இரண்டாவது தடவை யேசபேல். ராஜாவின் பெயரால் நிருபம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, நாபோத்தின் ஊரிலுள்ள மூப்பருக்கும் பெரியோருக்கும் அனுப்புகிறாள். உபவாசம் என்று அறிவியுங்கள், நாபோத்தை ஜனத்தின் முன்னால் நிறுத்துங்கள், அவனுக்கு எதிரே இரண்டு போக்கிரிகளை உட்காரவையுங்கள், அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று அவர்கள் சாட்சி சொல்லட்டும், வெளியே கொண்டுபோய்க் கல்லெறியுங்கள்.

கொலை செய்ய எதற்கு உபவாசம் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு ஆபத்து வந்தால், யாருடைய பாவத்தால் வந்தது என்று தேட ஊரையே கூட்டி உபவாசம் அறிவிப்பது உண்டு. சாமுவேல் மிஸ்பாவில் கூட்டியதும் நினிவே ராஜா கட்டளையிட்டதும் அப்படி ஆபத்தையும் பாவத்தையும் முன்வைத்த ஊர் உபவாசங்கள்தான். ஆக, உபவாசம் என்று அறிவித்த உடனே ஊர் ஒரு குற்றவாளியைத் தேடும் மனநிலைக்கு வந்துவிடும். சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தையும் யேசபேல் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. பசி உண்மை, ஜெபமும் நடந்திருக்கும். மூப்பர்களில் ஒருவர்கூட எழுந்து மறுப்புச் சொன்னதாக அதிகாரத்தில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். பக்தியின் பெயரால் கூட்டப்பட்ட கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று சபைகளில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தடவை மறுபடியும் ஆகாப். எலியா தோட்டத்திலேயே வந்து நிற்கிறார். நீ கொலை செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயோ என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆகாப் வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டு உடுத்தி, உபவாசித்து, தாழ்மையாய் நடக்கிறான். கடவுள் அதைப் பார்க்கிறார். "ஆகாப் தன்னைத் தாழ்த்தினதைக் கண்டாயா?" என்று எலியாவிடம் கேட்டு, அவன் நாட்களில் அந்தத் தீங்கு வராது என்கிறார். இஸ்ரவேலின் ராஜாக்களிலேயே கெட்டவன் என்று பெயர் எடுத்தவனுடைய உபவாசம் அங்கீகரிக்கப்படுகிறது. இது வகுப்புக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும், இருக்கட்டும். உபவாசத்தின் நோக்கம் இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. தன் குற்றத்தைக் கேட்ட மனிதன், சாப்பாட்டுக்கு முகம் கொடுக்க முடியாமல் கடவுளுக்கு முன்னால் தாழ்ந்து நிற்பது உபவாசம். ஆகாப் அப்போது எதையும் கேட்டதாகக்கூட எழுதப்படவில்லை.

இதோடு விட்டுவிடாதீர்கள். தோட்டம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நாபோத்தின் குடும்பத்துக்கு ஆகாப் அதைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வசனமும் இல்லை. 2 இராஜாக்கள் 9-ஆம் அதிகாரத்தில், ஆகாபின் மகன் யோராமின் உடலை யெகூ அதே நிலத்தில் எறியச் சொல்லும்போது, நாபோத்தோடு அவனுடைய பிள்ளைகளின் இரத்தமும் சிந்தப்பட்டது தெரியவருகிறது. உண்மையான மனத்தாழ்மைகூட நிலத்தைத் திருப்பிக் கொடுக்காமல் பாதியில் நின்றுவிட முடியும். என் கருத்தில், உபவாசத்தைப் பற்றி ஒரு வகுப்பு கேட்க வேண்டிய மிகக் கனமான செய்தி இதுதான். இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

படி 3: ஏசாயா 58, அதே நாளில் வீட்டில் என்ன நடந்தது?

தோட்டத்தைப் பற்றிய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே ஏசாயா 58-க்குப் போங்கள். இங்கே போலி பக்தர்கள் யாரும் இல்லை. நாள்தோறும் கடவுளைத் தேடுகிறவர்கள், அவர் வழிகளை அறிய விரும்புகிறவர்கள் என்று இரண்டாம் வசனமே சொல்கிறது. அவர்களுடைய புகார், "நாங்கள் உபவாசம்பண்ணும்போது நீர் நோக்காமலிருக்கிறதென்ன?" என்பது. பதில் அடுத்த வரியிலேயே வருகிறது: நீங்கள் உபவாசிக்கும் அந்த நாளிலேயே உங்கள் வேலைக்காரரை வருத்தி வேலை வாங்குகிறீர்கள்.

இந்த வசனத்தைப் பொதுவாக "சமூக நீதி" என்று ஒரு வார்த்தையில் விளக்கிவிடுவார்கள். அது போதாது. உபவாச நாளில் முதலாளி வேலை செய்யவில்லை, ஆனால் அவனுடைய வேலை நடந்தது. அப்படியென்றால் அவன் முழங்காலில் நின்றபோது வேறு யாரோ சுமந்தார்கள். நம் ஊர் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். உபவாசக் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. அதைச் சமைக்க நாலு பெண்கள் காலை ஏழு மணிக்கே வந்து, வெங்காயம் உரித்து, அண்டாவில் அரிசி களைந்து, கூட்டம் முழுவதும் சமையல்கட்டில் நிற்கிறார்கள். பாட்டுச் சத்தம் மட்டும் அவர்களுக்குக் கேட்கிறது. கடைசியில் பாத்திரம் கழுவுவதும் அவர்களே. உபவாசம் இருப்பவருக்குக் காபி இல்லாமல் தலைவலி வந்து, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ கடைப் பையனிடமோ எரிந்து விழுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். "வழக்குக்கும் வாதுக்கும்" என்ற நாலாம் வசனம் பேசுவது அதைத்தான்.

பிறகு 6, 7 வசனங்களை வாசித்து, ஒவ்வொருவரையும் ஒரு தாளில் பெயர் போடாமல் ஒரு பதிலை எழுதச் சொல்லுங்கள்: நான் உபவாசம் இருக்கும் நாளில் என் கையின்கீழ் இருப்பவர் யார், அன்றைக்கு அவருக்கு என்ன மாற வேண்டும்? தாளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். யூதர்கள் இன்றும் பாவநிவாரண நாளின் காலை ஆராதனையில், முழு உபவாசத்தின் நடுவே, ஏசாயாவின் இந்தப் பகுதியைத்தான் வாசிக்கிறார்கள். வயிறு காய்ந்திருக்கும் நேரத்தில் இதைக் கேட்க வைப்பதில் பெரிய ஞானம் இருக்கிறது.

படி 4: தாவீது எழுந்து சாப்பிட்டான்

இரண்டாம் வாரத்தை 2 சாமுவேல் 12-இல் தொடங்குங்கள். குழந்தை நோயில் கிடக்கிறது. தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசிக்கிறான். குழந்தை இறந்துபோகிறது. தாவீது எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துகொண்டு, சாப்பாடு கேட்டுச் சாப்பிடுகிறான். ஊழியக்காரருக்குப் புரியவில்லை. கர்த்தர் இரங்குவாரோ என்னவோ, யாருக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் உபவாசித்தேன் என்கிறான் தாவீது. அந்த "யாருக்குத் தெரியும்" யோவேல் 2-லும் யோனா 3-லும் உபவாசத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. நினிவே ராஜாவுக்கும் அந்தச் சந்தேகத்துக்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், வகுப்பில் ஒரு பெண் இருப்பார். கணவர் குடியை விட வேண்டும் என்று வருடக்கணக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்திருப்பார். குடி நிற்கவில்லை. "இன்னும் ஆழமாக உபவாசியுங்கள், உங்களிடம் ஏதோ தடை இருக்கிறது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவருக்கு இந்த அதிகாரம் தேவை. தாவீதின் உபவாசத்தில் குறை இருந்ததாக வேதம் சொல்லவில்லை. உபவாசம் கடவுளிடம் கட்டும் விலை அல்ல, கட்டிய தொகை போதவில்லை என்று சொல்லவும் யாருக்கும் அதிகாரம் இல்லை. இதை மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் 1 சாமுவேல் 14-ஐயும் சேர்த்துச் சொல்லலாம். சாயங்காலம் வரை சாப்பிடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் போர்க்களத்தில் ஆணையிட்டான். ஜனங்கள் சோர்ந்துபோனார்கள். யோனத்தான் கோல் நுனியால் தேனைத் தொட்டு நக்கினான், கண் தெளிந்தது. பொழுது சாய்ந்ததும் பசி தாங்காத ஜனங்கள் ஆடுமாடுகளை அடித்து இரத்தத்தோடே சாப்பிட்டார்கள். ஆக, தலைவன் சாபம் போட்டுத் திணித்த உபவாசம் அவர்களை வேறொரு பாவத்தில் கொண்டுபோய்விட்டது. "உபவாசத்துக்கு வராதவர் வீட்டில் ஆசீர்வாதம் தங்காது" என்று மேடையில் சொல்லப்படுவதை வகுப்பில் பலரும் கேட்டிருப்பார்கள். அது சவுலின் பேச்சு.

படி 5: அந்தரங்கமும் கூட்டு உபவாசமும்

மத்தேயு 6:16-18 தெரிந்த பகுதி, நீட்ட வேண்டாம். முகத்தை வாடவிடாதே, தலைக்கு எண்ணெய் பூசு, முகம் கழுவு. நம் நாளில் இது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "உபவாசம், நாள் 14" என்று போடாமல் இருப்பது. அப்படியானால் சபையாகச் சேர்ந்து உபவாசிப்பது தவறா என்று கேட்பார்கள். தவறில்லை. எக்காளம் ஊதி ஊரைக் கூட்டு என்று யோவேல் சொல்கிறார், அந்தியோகியா சபையும் சேர்ந்து உபவாசித்தது. இயேசு தடுப்பது பெயர் வாங்குவதற்காக உபவாசிப்பதை.

ஒரு சரித்திரச் செய்தி இங்கே உதவும். ஆதி சபையின் போதனை நூலான திதகே, "மாயக்காரர் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள்" என்கிறது. இயேசு முகத்தையும் மனதையும் பற்றிப் பேசியிருக்க, சீக்கிரத்திலேயே கிழமை மாற்றத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். யாருடைய உபவாசம் சரி என்று பிரிவுக்குப் பிரிவு அளக்கும் பழக்கம் அவ்வளவு பழையது. கலப்பான வகுப்பில் இதைச் சொன்னால், ஒரு பிரிவாரை மட்டும் சுட்டுவதாக இருக்காது.

படி 6: "இவ்வகைப் பிசாசு" வசனம் வரும், தயாராக இருங்கள்

யாராவது மாற்கு 9:29-ஐ எடுப்பார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும் என்றிருக்கும். சீனாய், வத்திக்கான் ஆகிய நான்காம் நூற்றாண்டுப் பிரதிகளில் ஜெபம் மட்டும்தான் இருக்கிறது, உபவாசம் இல்லை. அதே பிரதிகளில் மத்தேயு 17:21 முழு வசனமுமே இல்லை. அதனால்தான் பல புதிய மொழிபெயர்ப்புகளில் இது அடிக்குறிப்புக்குப் போயிருக்கிறது. இதைச் சொன்னதும் சிலர் வேதத்தையே நீக்குவதாகப் பதறுவார்கள். கைப்பிரதிகளைப் பார்த்து எழுதிய காலத்தில், உபவாசத்தை மதித்த யாரோ அந்த வார்த்தையைச் சேர்த்திருக்கக்கூடும் என்று பொறுமையாக விளக்குங்கள். உபவாசத்துக்கு வேறு எத்தனையோ இடங்களில் ஆதாரம் இருக்கிறது. ஆனால் "இத்தனை நாள் உபவாசித்தால் இத்தனை வல்லமை" என்ற கணக்கை இந்த ஒரு வசனத்தின் மேல் கட்டக் கூடாது.

படி 7: ஒரு நாள் உபவாசம், செய்யும் முறை

இருக்க விரும்புகிறவர்களுக்கு, வேதத்தில் அடிக்கடி வருவது "சாயங்காலமட்டும்" உபவாசிப்பது என்று சொல்லுங்கள். நியாயாதிபதிகள் 20-லும், சவுல் இறந்தபோது தாவீது செய்ததிலும் அதுதான் அளவு. காலையும் மதியமும் விட்டு, மாலையில் எளிய சாப்பாடு போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். எஸ்தரின் தண்ணீரில்லாத உபவாசம் உயிர் ஆபத்தின் நடுவே நடந்த ஒன்று, வெயில் காலத்தில் பின்பற்றும் மாதிரி அல்ல. காபி பழக்கம் உள்ளவர்கள் நாலைந்து நாள் முன்பிருந்தே அளவைக் குறைத்து வந்தால் தலைவலி அவ்வளவாக இருக்காது.

இன்சுலினோ சர்க்கரைக்கான மாத்திரையோ எடுப்பவர்கள், மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. உபவாச நாளில் யாருக்காவது கை நடுங்கி, வியர்த்து, பேச்சு தடுமாறினால் ஜெபத்தைத் தொடராதீர்கள். சுயநினைவோடு விழுங்க முடிகிறவர் என்றால் உடனே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் உபவாசத்தை விட்டுவிடலாம். யூதரின் மிஷ்னா, பாவநிவாரண நாளில்கூடக் கர்ப்பிணிக்கு உணவின் வாசனையால் ஆசை வந்தால் அவள் தெளியும்வரை கொடு, நோயாளிக்கு விவரம் தெரிந்தவர் சொன்னபடி கொடு, அப்படி ஒருவர் இல்லாவிட்டால் நோயாளி கேட்டாலே கொடு என்கிறது. வருடத்தின் மிகக் கண்டிப்பான உபவாசத்திலேயே இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு மெலிய வேண்டும் என்பதற்காக உபவாசம் என்ற பெயரில் பட்டினி கிடக்கும் இளம்பெண்கள் யாராவது இருந்தால், அவர்களிடம் தனியாக, ஒரு மூத்த பெண் பேசுவது நல்லது.

கடைசியாகச் சாப்பாட்டுக் கணக்கு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ஹெர்மாவின் மேய்ப்பன் என்ற நூல், உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்து, அன்றைக்கு நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்குப் போட்டு, அதை விதவைக்கோ அநாதைக்கோ கொடு என்கிறது. இதை அப்படியே செய்யச் சொல்லுங்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு காபி என்று விலை போட்டு, அந்தப் பணத்தை ஒரு கவரில் வைத்து, தேவைப்படுகிற ஒருவருக்கு அன்றைக்கே நேராகக் கொடுக்கட்டும். சபைக் காணிக்கைப் பெட்டி இதில் வேண்டாம். உபவாசம் இருக்க உடம்பு இடம் கொடுக்காதவர்களும் இந்தக் கவரை வைக்கலாம். உபவாசக் கூட்டத்துக்குச் சபை சமைக்கிறது என்றால், அடுத்த தடவை அந்தச் சமையலை நிறுத்திவிட்டு, சமையல்கட்டில் நின்ற நாலு பேரையும் உள்ளே வந்து உட்காரச் சொல்ல முடியுமா என்று மூப்பர்களிடம் கேளுங்கள். வகுப்பில் முதல் வாரம் எழுதிய தாளை வைத்திருப்பவர்கள், அதில் எழுதிய பெயருக்கு என்ன செய்தார்கள் என்பதை ஒரு மாதம் கழித்து அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.